மஞ்சளாகத் தெரிந்தது பச்சையின் வால்: ஒரு கோ-லோக்கலைசேஷன் சோதனையின் பிழையும் திருத்தமும்

முதல் படம் வந்தபோது ஆய்வகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ஹீலா செல்களுக்குள் பச்சையில் எங்கள் புரதம், சிவப்பில் லைசோசோம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் கருவின் ஓரமாக ஒரு பெரிய மஞ்சள் திட்டு, அதைச் சுற்றி மஞ்சள் புள்ளிகள். இரண்டு புரதங்கள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் கோ-லோக்கலைசேஷன். இரண்டு நிறமும் எவ்வளவு சேர்ந்து கூடிக் குறைகின்றன என்று சொல்லும் பியர்சன் கெழு 0.81 என்று வந்தது. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக அந்தச் சோதனையைச் செய்த மாணவி, "அண்ணா, இதையே முதல் படமா வச்சிடலாமா?" என்று கேட்டாள். நானும் தலையாட்டினேன். ஐந்து வாரம் கழித்து, அதே செல்கள், அதே புரதம், கெழு 0.33. இடையில் மாறியது உயிரியல் இல்லை, படம் எடுத்த விதம் மட்டும்தான்.

தப்பில் பெரும்பங்கு என்னுடையது. மைக்ராஸ்கோப்பில் சேமித்து வைத்திருந்த பழைய செட்டிங் ஃபைலைத் திறந்து, "இதையே போட்டு எடு" என்று சொன்னது நான்தான்.

சோதனை அமைப்பு இதுதான். எங்கள் புரதம் ஒரு சவ்வுப் புரதம். அதன் சைட்டோபிளாச வாலில் ஈஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர்புரதம், சுருக்கமாக ஜிஎஃப்பி, ஒட்டப்பட்டிருந்தது. டிரான்ஸ்ஃபெக்ட் செய்து ஒரு நாள் கழித்து, 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் ஃபிக்ஸ் செய்து, சப்போனின் போட்டு சவ்வைத் திறந்து, லாம்ப்-1 என்ற லைசோசோம் சவ்வுப் புரதத்துக்கு எலி ஆன்டிபாடி போட்டோம். அதைப் பிடிக்கும் செகண்டரி ஆன்டிபாடியில் அலெக்ஸா 546 என்ற சிவப்புச் சாயம். கான்ஃபோகலில் 488, 561 என்று இரண்டு லேசர். பச்சை டிடெக்டர் 500 முதல் 550 நானோமீட்டர் வரை, சிவப்பு டிடெக்டர் 570 முதல் 620 வரை. இரண்டு லேசரும் ஒரே நேரத்தில் எரிய, இரண்டு டிடெக்டரும் ஒரே நேரத்தில் பதிவு செய்தன. அந்தச் செட்டிங், வேகமாகப் படமெடுக்க வேண்டிய உயிருள்ள செல் வேலைக்காக எப்போதோ போட்டது. கான்ஃபோகலுக்கு மணிக்கணக்கில் கட்டணம் என்பதால் பாதி நேரத்தில் முடியும் வழி எல்லோருக்கும் பிடித்திருந்தது.

சந்தேகம் வந்தது எண்ணிலிருந்து இல்லை, ஒரு வடிவத்திலிருந்து.

டிரான்ஸ்ஃபெக்ஷன் எல்லாச் செல்லிலும் பிடிக்காது. எங்கள் ஸ்லைடில் ஏறக்குறைய பாதிச் செல்களில் பச்சை இல்லை. சிவப்புச் சேனலை மட்டும் தனியாக, கறுப்பு வெள்ளையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செல்கள் கண்ணில் பட்டன. ஒன்று பச்சை இல்லாத செல். அதில் லாம்ப்-1 எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் தெரிந்தது: சைட்டோபிளாசம் முழுக்கச் சிதறிய சிறு வளையங்களும் புள்ளிகளும். இன்னொன்று பச்சை நிறைய உள்ள செல். அதே வளையங்கள் அதிலும் இருந்தன. ஆனால் கருவின் ஓரத்தில் அடர்த்தியான ஒரு திட்டு, அப்புறம் கருவைச் சுற்றி மெல்லிய ஒரு கோடு. லாம்ப்-1 கருச்சவ்வில் நான் பார்த்ததே இல்லை. அந்தக் கோடு எண்டோபிளாச வலைப்பின்னலின் அடையாளம். டிரான்ஸ்ஃபெக்ஷனில் அளவுக்கு மேல் உற்பத்தியாகும் சவ்வுப் புரதம் அங்கே தேங்கி நிற்பது சாதாரணம். அதாவது, சிவப்புச் சேனலில் நான் பார்த்துக்கொண்டிருந்தது லாம்ப்-1 மட்டும் இல்லை. கூடவே எங்கள் புரதமும் அங்கே உட்கார்ந்திருந்தது.

கலர் படத்தில் இது தெரியவே தெரியாது. பச்சையும் சிவப்பும் கலந்து மஞ்சளாகிவிட்டால், எதன் வடிவம் எதில் நுழைந்தது என்று கண் பிரித்துப் பார்க்காது. கோ-லோக்கலைசேஷன் படத்தை முதலில் தனித்தனிச் சேனலாகக் கறுப்பு வெள்ளையில் பார்க்க வேண்டும் என்பது பழைய பாடம்தான். அன்றைக்கு நான் செய்யவில்லை, அவ்வளவுதான்.

வால் எந்தப் பக்கம் நீளும்

ஒளிர்சாயம் ஒவ்வொன்றும் ஒரு அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சி, அதைவிடச் சற்று நீண்ட அலைநீளத்தில் வெளிவிடுகிறது. ஈஜிஎஃப்பி 488-ல் நன்றாக உறிஞ்சும், 507 நானோமீட்டரை ஒட்டி அதிகமாக ஒளிரும். ஆனால் அந்த ஒளி 507-லேயே நின்றுவிடாது. உச்சிக்கு இடதுபுறம் செங்குத்தாக இறங்கும் வளைகோடு, வலதுபுறம் சோம்பலாகச் சரிந்து 600-ஐயும் தாண்டுகிறது. பொதுவாக எல்லாச் சாயத்துக்கும் வெளியிடும் ஒளியின் வால் சிவப்புப் பக்கம்தான் நீளம். ஆகவே கசிவும் பெரும்பாலும் ஒரே திசையில் நடக்கிறது: குறுகிய அலைநீளச் சாயம் நீண்ட அலைநீளச் சேனலுக்குள் கசியும். அலெக்ஸா 546-ன் உச்சி 573-ல். அதன் ஒளி 550-க்குக் கீழே கிட்டத்தட்ட இல்லை. எனவே எங்கள் பச்சைச் சேனல் சுத்தம், சிவப்புச் சேனல்தான் கலப்படம்.

இன்னொரு விஷயமும் நடக்கிறது, அதை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 488 லேசர் பச்சைச் சாயத்தை மட்டும் தூண்டுவதில்லை. அலெக்ஸா 546-ஐயும் கொஞ்சம் தூண்டும். அந்த ஒளியும் சிவப்பு டிடெக்டருக்குத்தான் போகிறது. இதைக் கசிவு என்று சொல்லக்கூடாது, குறுக்குத் தூண்டல் என்று சொல்ல வேண்டும். எங்கள் அமைப்பில் இதனால் கெடுதல் இல்லை. சிவப்புச் சாயத்தின் ஒளி சிவப்பு டிடெக்டரில் விழுந்தால் அது சரியான இடத்தில் விழுந்ததாகத்தான் அர்த்தம். ஆனால் பச்சை டிடெக்டரில் குறுகிய பட்டைக்குப் பதிலாக 500-க்கு மேல் எல்லாவற்றையும் வாங்கும் லாங்-பாஸ் ஃபில்டர் இருந்தால், குறுக்குத் தூண்டலில் வந்த சிவப்பு ஒளி பச்சைக்குள் நுழைந்துவிடும். பழைய மைக்ராஸ்கோப்பில் பச்சைக்கு எந்த ஃபில்டர் மாட்டியிருக்கிறது என்று கேட்காமல் சோதனையைத் தொடங்காதீர்கள்.

ஸ்பெக்ட்ரம் வரைபடத்தை நாங்கள் பார்க்காமல் இல்லை. உச்சிகளுக்கிடையே 60 நானோமீட்டருக்கு மேல் இடைவெளி, 570-க்கு மேல் ஜிஎஃப்பியின் வால் தாழ்ந்துதான் இருக்கிறது, போதும் என்று நினைத்தோம். வரைபடம் செய்கிற மோசடி அங்கேதான். அது எல்லாச் சாயத்தையும் உச்சி நூறு சதவீதம் என்று சமன்படுத்திக் காட்டுகிறது. ஸ்லைடில் சாயங்கள் அப்படிச் சமமாக வந்து உட்காருவதில்லை. எங்கள் பச்சை, வலுவான ப்ரொமோட்டரின் கீழ் அளவுக்கு மீறி உற்பத்தியானது. சிவப்பு, செல் தானாகச் செய்யும் லாம்ப்-1 மேல் ஒட்டிய ஆன்டிபாடி. அதுவும் நாங்கள் போட்ட செறிவில் மங்கல்தான். பச்சையின் வால் சிறியது, உண்மை. ஆனால் யானையின் வால் சுண்டெலியைவிடப் பெரியது.

மூன்று ஸ்லைடு, ஒரு மதியம்

சந்தேகத்தை உறுதிசெய்ய மூன்று ஸ்லைடுகள் செய்தோம். முதலாவதில் ஜிஎஃப்பி மட்டும், ஆன்டிபாடி இல்லை. இரண்டாவதில் டிரான்ஸ்ஃபெக்ட் செய்யாத செல்களில் லாம்ப்-1 மட்டும். மூன்றாவதில் எதுவுமே இல்லை. செல்லின் சொந்த ஒளிர்வையும் டிடெக்டரின் பின்னணியையும் பார்க்க அது. மூன்றையும் அசல் சோதனையின் அதே லேசர் சக்தி, அதே கெய்ன், அதே பின்ஹோலில் எடுத்தோம். இதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. ஜிஎஃப்பி மட்டும் உள்ள ஸ்லைடில் மங்கலான செல்லைத் தேர்ந்தெடுத்து "கசிவு இல்லை" என்று திருப்திப்பட்டுக்கொள்வது சுலபம். அசல் ஸ்லைடில் மிகப் பிரகாசமாக இருந்த செல்லுக்குச் சமமான பிரகாசம் உள்ள செல்லைத்தான் இங்கேயும் தேட வேண்டும்.

ஜிஎஃப்பி மட்டும் உள்ள ஸ்லைடில் சிவப்பு டிடெக்டர் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கோல்ஜி போன்ற திட்டும் கருவைச் சுற்றிய கோடும் தெளிவாக அதில் தெரிந்தன. பின்னணியைக் கழித்த பிறகு, பிரகாசமான இடத்தில் பச்சையில் 1800, சிவப்பில் 430. எங்களுடையது 12 பிட் படம், அதில் உச்ச அளவு 4095. செல் செல்லாக அளந்தால் விகிதம் 0.24-ஐ ஒட்டியே நின்றது. பச்சையில் வரும் ஒவ்வொரு நூறு அலகுக்கும் சிவப்பில் 24 அலகு இலவசமாக வந்துகொண்டிருந்தது.

அப்புறம் 488 லேசரை அணைத்துவிட்டு 561-ஐ மட்டும் எரியவிட்டோம். சிவப்பு டிடெக்டரில் அந்தத் திட்டு காணாமல் போனது. மிஞ்சியது பின்னணிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு அலகு. ஜிஎஃப்பி 561-ல் கிட்டத்தட்ட எதையும் உறிஞ்சாது, அதனால் அந்த நேரத்தில் அது ஒளிர்வதுமில்லை, கசிவதற்கு எதுவும் இல்லை. இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இதையே திருப்பிப் போட்டும் எந்தக் கான்ஃபோகலிலும் செய்யலாம்: குறுகிய அலைநீள லேசரை மட்டும் எரியவிட்டு நீண்ட அலைநீள டிடெக்டரைப் பாருங்கள். படம் தெரிந்தால் அது கசிவாகவோ குறுக்குத் தூண்டலாகவோ இருக்கும். எது என்பதை ஒற்றைச் சாய ஸ்லைடு சொல்லிவிடும்.

இப்போது அசல் படத்துக்குத் திரும்பினோம். அந்த மஞ்சள் திட்டில் பச்சை 2400, சிவப்பு 700. கசிவு எவ்வளவு என்று இப்போது கணக்குப் போடலாம்:

```
கசிவு = 0.24 × 2400 = 576
உண்மையான சிவப்பு = 700 − 576 = 124
```

பச்சை இல்லாத பக்கத்துச் செல்லில் ஒரு லைசோசோம் வளையத்தின் சிவப்பு சராசரியாக 600. ஆகவே பச்சை வலுவாக உள்ள இடத்தில் கசிவு மட்டுமே ஒரு முழு லைசோசோம் அளவுக்குச் சிவப்பை உண்டாக்கியிருந்தது. பியர்சன் 0.81 வராமல் என்ன செய்யும்? ஒரே சாயத்தைத் தனக்குத்தானே ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இங்கே மாணவி ஒரு கேள்வி கேட்டாள். "சிவப்போட கெய்னை 850-ல வச்சிருந்தோமே அண்ணா, அதைக் குறைச்சிருந்தா வந்திருக்காதோ?" நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் சரியில்லை. சிவப்பு டிடெக்டருக்கு வந்து சேரும் ஃபோட்டான்களில் இரண்டு கூட்டம். ஒன்று ஜிஎஃப்பியின் வாலிலிருந்து வருவது, அதன் அளவு 488 லேசரின் சக்தியைப் பொறுத்தது. இன்னொன்று அலெக்ஸா 546-லிருந்து வருவது, அதன் அளவு பெரும்பாலும் 561 லேசரின் சக்தியைப் பொறுத்தது. கெய்ன் என்பது டிடெக்டருக்குள் நடக்கும் பெருக்கல். இரண்டு கூட்டத்தையும் அது ஒரே மாதிரி பெருக்கும். 850-லிருந்து 700 வோல்ட்டுக்கு இறக்கினோம், கசிவு விகிதம் 0.24-லிருந்து 0.06 ஆனது. ஆனால் லாம்ப்-1-ன் 600-ம் 150 ஆகிவிட்டது. கசிவுக்கும் உண்மைக்கும் உள்ள விகிதம் அப்படியே இருந்தது.

விகிதத்தை மாற்றுவது லேசர் சக்தி. நாங்கள் 488-ஐ 6 சதவீதத்திலும் 561-ஐ, சாயம் வெளுத்துவிடுமோ என்ற பயத்தில், 1 சதவீதத்திலும் வைத்திருந்தோம். நேர் தலைகீழ். 488-ஐ 2-க்கு இறக்கி 561-ஐ 3-க்கு ஏற்றியதும் ஒரே நேரப் பதிவிலேயே கசிவின் பங்கு ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றாகக் குறைந்தது. சாயத்தின் பிரகாசமும் ஆன்டிபாடியின் செறிவும் இதே மாதிரிதான், உண்மையான சிவப்பை மட்டும் கூட்டுபவை. கெய்ன் வெறும் ஒலிபெருக்கி. கச்சேரியில் ஸ்ருதி சேரவில்லை என்றால் ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை.

கழித்துவிட்டால் போதாதா

விகிதம் தெரிந்துவிட்டது, படத்திலிருந்து கசிவைக் கழித்துவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். செய்து பார்த்தோம். பியர்சன் 0.81-லிருந்து 0.45-க்கு வந்தது, ஆனால் நம்ப முடியாத 0.45. காரணம் இரண்டு. முதலாவது, 4095-ஐத் தொட்டு நிறைந்துபோன பிக்சல்கள். பச்சையில் உண்மை அளவு 6000 இருந்தாலும் பதிவானது 4095, கழித்ததும் அதற்கேற்பத்தான், மீதிக் கசிவு சிவப்பிலேயே தங்கிவிட்டது. இரண்டாவது, இரைச்சல். கசிவின் சராசரியைக் கழிக்கலாம், அந்த ஃபோட்டான்களோடு வந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. 700-லிருந்து 576-ஐக் கழித்து மிஞ்சும் 124-ன் மேல், 700-க்கு உரிய இரைச்சல் உட்கார்ந்திருக்கும். கசிவு உண்மையில் பத்தில் ஒரு பங்கு என்றால் கழிப்பது சரி. ஐந்தில் நான்கு பங்கு கசிவாக இருக்கும் படத்தைக் கழித்துக் காப்பாற்றுவது, மோரிலிருந்து பாலைத் திரும்ப எடுப்பது மாதிரி.

எனவே அதே ஸ்லைடையே மறுபடி எடுத்தோம், இந்த முறை வரி வரியாக மாற்றி. ஒரு வரியை 488 மட்டும் எரிய, பச்சை டிடெக்டர் மட்டும் திறந்து பதிவு செய்யும். உடனே அதே வரியை 561 மட்டும் எரிய, சிவப்பு டிடெக்டர் மட்டும் திறந்து. செலவு இரட்டிப்பு நேரம். பலன் 0.36. கருவைச் சுற்றிய சிவப்புக் கோடு முழுக்க மறைந்தது. பிரகாசமான திட்டில் சிவப்பு ஏறக்குறைய பின்னணிக்கு வந்துவிட்டது.

ஒரு வார்த்தை, வரி வரியாக மாற்றுவதை எல்லாப் பிரச்சினைக்கும் மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது லேசர் ஒரு சாயத்தை மட்டும் தூண்டும்போதுதான் வேலை செய்கிறது. இரண்டு சாயமும் ஒரே லேசரில் நன்றாகத் தூண்டப்பட்டால், எத்தனை முறை மாறி மாறி எடுத்தாலும் கசிவு அப்படியே இருக்கும். ஜிஎஃப்பியும் ஒய்எஃப்பியும் அப்படிப்பட்ட ஜோடி. லேசர் இல்லாத சாதாரண ஒளிர்வு மைக்ராஸ்கோப்பில் சேனல்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் பதிவாகின்றன, ஆனாலும் கசிவு வரும். ஏனென்றால் அங்கே தூண்டும் ஒளியே 20, 30 நானோமீட்டர் அகலமான பட்டை.

சாயத்தை மாற்றியது எப்படி

வரி வரியாக எடுத்ததில் பிரச்சினை கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. ஆனால் இப்போது புதிய கேள்வி முளைத்தது: அந்தத் திட்டு கோல்ஜிதானா? அதைப் பார்க்க மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டும். சாயங்களை முதலிலிருந்து யோசித்தோம்.

கசிவு குறுகியதிலிருந்து நீண்டதை நோக்கிப் பாய்கிறது என்றால், மங்கலானதைக் குறுகிய பக்கத்திலும் பிரகாசமானதை நீண்ட பக்கத்திலும் வைக்க வேண்டும். அப்போது கசியும் வால் மங்கலான சாயத்தினுடையது, அது விழும் இடமோ பிரகாசமானது. நாங்கள் செய்தது சரியாக இதற்கு எதிர். இந்த விதிப்படி எங்கள் புரதத்தை எம்செர்ரி என்ற சிவப்பு ஒளிர்புரதத்துக்கு மாற்றி, லாம்ப்-1-ஐ அலெக்ஸா 488-ல் வைத்திருக்க வேண்டும். கைவசம் எம்செர்ரி கட்டமைப்பும் இருந்தது. ஆனாலும் விட்டுவிட்டோம். காரணம் லைசோசோமின் குணம். எம்செர்ரி அமிலத்தைத் தாங்கும், லைசோசோம் நொதிகளையும் வெகுநேரம் தாங்கும். செல் வழக்கம்போல எங்கள் புரதத்தில் கொஞ்சத்தைச் சிதைக்க லைசோசோமுக்கு அனுப்பினால், புரதம் சிதைந்த பிறகும் எம்செர்ரி அங்கேயே ஒளிர்ந்துகொண்டிருக்கும். கசிவால் வந்த பொய்யை விரட்டப் போய், குப்பையால் வரும் இன்னொரு பொய்யை வாங்கிவிடுவோம்.

ஜிஎஃப்பிக்கு இதற்கு நேர்மாறான குறை. பிஹெச் 6 அருகே அதன் ஒளி பாதியாகிவிடும், லைசோசோமின் உள்ளேயோ பிஹெச் ஐந்துக்கும் கீழே. ஜிஎஃப்பி லைசோசோமுக்கு உள்புறம் நீட்டிக்கொண்டிருந்தால் உயிருள்ள செல்லில் அது இருந்தும் தெரியாது. எங்களுடையது சைட்டோபிளாசப் பக்கம் இருந்தது, அதனால் அந்தக் கவலை இல்லை. இந்தப் புரதத்துக்கு ஜிஎஃப்பி சரியான தேர்வு என்று முடிவு செய்தோம், மாற்ற வேண்டியது லாம்ப்-1-ன் சாயத்தை.

அதற்கு அலெக்ஸா 647. அது 650 அருகே உறிஞ்சி 665-ல் ஒளிர்கிறது. 640 லேசர் ஜிஎஃப்பியைத் தொடாது, 655-க்கு மேல் ஜிஎஃப்பியின் வாலும் தேய்ந்து போயிருக்கும். இடையில் ஒரு முழுச் சேனல் காலி. அந்த இடத்தில் கோல்ஜிக்கு, அதன் பின்புறத்தில் இருக்கும் டிஜிஎன்46 என்ற புரதத்தின் முயல் ஆன்டிபாடியும் அலெக்ஸா 568 செகண்டரியும். 546-க்குப் பதில் 568 எடுத்ததால் சிவப்பு டிடெக்டரை 580-லிருந்து தொடங்க முடிந்தது. வால் இன்னும் மெலிந்த இடம் அது. எலி, முயல் இரண்டு செகண்டரிகளும் மற்ற இனங்களின் ஆன்டிபாடியைக் கழித்துச் சுத்தம் செய்யப்பட்ட வகையாகப் பார்த்து வாங்கினோம். செகண்டரி தப்பான ஆன்டிபாடியில் ஒட்டினாலும் விளைவு கசிவு மாதிரியேதான் இருக்கும், லேசரை அணைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று நிறத்தில் கோல்ஜிச் சேனல்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. லாம்ப்-1-ல் கசிவு வந்தால் வடிவம் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் லைசோசோம் அந்த வடிவத்தில் இருக்காது. எங்கள் புரதம் உண்மையிலேயே கோல்ஜியில் இருந்தால் கசிவும் உண்மையும் ஒரே வடிவத்தில் வரும், கண்ணால் பிரிக்கவே முடியாது. அங்கே ஜிஎஃப்பி மட்டும் உள்ள ஸ்லைடு தவிர வேறு சாட்சி கிடையாது. ஒவ்வொரு நாளும் படம் எடுக்கும் முன் அந்த ஸ்லைடை முதலில் வைத்து, 561 சேனலில் எதுவும் தெரியவில்லை என்று ஒரு படம் சேமித்த பிறகுதான் மற்றதைத் தொட்டோம்.

647-க்கு விலை இல்லாமல் இல்லை. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஐபீஸில் பார்த்தால் ஸ்டெயின் ஆகவே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். மாணவி ஒரு ஸ்லைடைக் குப்பையில் போடப் போனாள். அலைநீளம் கூடினால் துல்லியமும் குறைகிறது. 1.4 துளை அளவுள்ள எண்ணெய் லென்ஸில் 520-க்கு 0.23 மைக்ரான், 665-க்கு 0.29. அதைவிட முக்கியம், லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே தளத்தில் குவிப்பதில்லை. நான்கு நிறத்திலும் ஒளிரும் 0.2 மைக்ரான் மணிகளை எடுத்துப் பார்த்தபோது, பச்சைக்கும் அடர்சிவப்புக்கும் இடையே ஆழவாக்கில் கால் மைக்ரான் விலகல் இருந்தது. பக்கவாட்டில் ஒரு பிக்சலுக்கும் குறைவு. ஆழ விலகலைத் திருத்தாமல் விட்டிருந்தால் உண்மையான ஒத்திருப்பும் குறைவாகத்தான் தெரிந்திருக்கும். 0.2 மைக்ரான் இடைவெளியில் அடுக்கு எடுத்து, அடர்சிவப்பு அடுக்கை ஒரு படி நகர்த்தியதும் சரியானது.

எண்ணைப் படிப்பது

கணக்கை ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் `Coloc 2` கொண்டு செய்தோம், `Analyze > Colocalization` கீழே இருக்கும். எண்ணுக்கு முன்னால் அது வரையும் சிதறல் படத்தைப் பாருங்கள் என்பேன். கிடை அச்சில் பச்சை, நிலை அச்சில் சிவப்பு. ஒத்திருப்பு இல்லாத பச்சைப் பிக்சல்கள் கிடை அச்சை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். எங்கள் பழைய படத்தில் அந்தக் கூட்டம் அச்சைவிட்டு எழுந்து ஒரு சாய்ந்த கதிராக நின்றது. அதற்கும் அச்சுக்கும் இடையில் ஒரு வெற்று ஆப்பு, ஒரு பிக்சல்கூட இல்லை. கதிரின் சாய்வை அளந்தால் அதே 0.24. உயிரியல் அப்படி நேர்கோடு போடாது. எந்தச் செல்லிலும், எந்த இடத்திலும், பச்சைக்குக் கட்டாயம் இவ்வளவு சிவப்பு வேண்டும் என்று சொல்லும் கோடு கண்ணில் பட்டால் அது கசிவுதான்.

ஒரு நிறத்தில் எத்தனை பங்கு மற்ற நிறம் உள்ள இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் மேண்டர்ஸ் கெழுவுக்கு வாசல் அளவைக் கோஸ்டெஸ் முறையில் தானாக எடுக்கச் சொல்லியிருந்தோம். அது, இரண்டு சேனலுக்கும் தொடர்பு இல்லாமல் போகும் புள்ளி வரை வாசலை இறக்கிக்கொண்டே போகும். கசிவு உள்ள படத்தில் தொடர்பு பூஜ்யத்துக்கு அருகே வரை தொடர்கிறது, அதனால் வாசலும் தரையைத் தொட்டுவிட்டது. பச்சையில் 94 சதவீதம் லைசோசோமில் என்று அது சொன்னதன் ரகசியம் இதுதான். தானியங்கி முறை என்பதால் பாரபட்சம் இல்லை என்று அந்த எண்ணை ஒரு கூட்டத்தில் நான் சொல்லியும் இருக்கிறேன்.

0.33 என்பது கூடுதலா குறைவா என்று சொல்ல, மேலே கீழே எல்லை வேண்டும். மேல் எல்லைக்கு லாம்ப்-1-க்கே ஒரே ஆன்டிபாடியில் 488, 647 என இரண்டு செகண்டரிகளைக் கலந்து போட்டோம். முழுமையான ஒத்திருப்பு, ஆனாலும் 0.88-தான் வந்தது. இரைச்சலும் லென்ஸும் தின்றது மீதி. கீழ் எல்லைக்கு ஒரு சேனலை மட்டும் 90 பாகை திருப்பிவைத்துக் கணக்கிட்டோம். செல்லின் எல்லைக்குள் மட்டும் அளந்தபோது 0.05. எல்லை போடாமல் முழுப் படத்திலும் திருப்பாமல் அளந்தால், செல்லுக்கு வெளியே உள்ள கறுப்பே பியர்சனை 0.5-க்கு மேல் ஏற்றிவிட்டது. இரண்டு சேனலும் வெளியே ஒன்றாக இருட்டாக இருப்பதையும் அது ஒற்றுமை என்று எண்ணுகிறது.

இறுதியாக வந்தது: எங்கள் புரதம் டிஜிஎன்46-உடன் 0.71, லாம்ப்-1-உடன் 0.33. அதிகம் கோல்ஜியின் பின்புறத்தில், ஒரு சிறு பங்கு லைசோசோம் பக்கமாக. அந்தச் சிறு பங்கும் லைசோசோமிலேயே இருக்கிறது என்று சொல்லவில்லை. கால் மைக்ரானுக்குள் அருகருகே நிற்கும் இரண்டு பைகளை இந்த லென்ஸ் ஒன்றாகத்தான் காட்டும். ஜிஎஃப்பி குறைவாக உள்ள செல்களில் இந்த எண் 0.3-லிருந்து பெரிதாக அசையவில்லை. பழைய முறையில் செல் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு கூடிக்கொண்டே போனது.

மாணவியின் ப்ராஜெக்ட் புத்தகத்தில் பழைய படமும் இருக்கிறது, ஏழாம் பக்கத்தில், ஜிஎஃப்பி மட்டும் உள்ள ஸ்லைடின் சிவப்புச் சேனலோடு பக்கத்தில் பக்கத்தில். சார் அதை எடுத்துவிடச் சொன்னார், அவள் எடுக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் இருந்த அந்தச் செட்டிங் ஃபைலை நாங்கள் அழிக்கவில்லை, உயிருள்ள செல் வேலைக்கு இன்னும் தேவைப்படுகிறது. பெயரின் முன்னால் மட்டும் "ஒரே நேரம் - இரு நிறத்துக்கு வேண்டாம்" என்று சேர்த்து வைத்திருக்கிறோம்.